‘பார்த்துப் போட்டதுதான்’: புள்ளி கேட்கும் மாணவருக்கு மூன்று விதப் பதில்கள்

சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்க்கும் கல்லூரி சிறியது. மாணவர்களில் பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். இயற்பியல் ஆய்வுக்கூட வகுப்பில் விரிவுரையாளருக்கு உதவியாக ஒரு தங்கை இருக்கிறாள். இடுபணிகளைத் திருத்துவதும், புள்ளி பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலை. அவள் புலனத்தில் அனுப்பும் பதில்களை ஒழுங்குபடுத்தித் தரும்படி இந்தப் பருவத்தில் என்னிடம் கேட்டார்கள். மூன்று வழிகளை முயன்று பார்த்தேன். ஒரே ஒரு கேள்வியை வைத்து மூன்றையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

கேள்வி இது: “அக்கா, எனக்கு ஏன் 23? என் பிரெண்டுக்கு 29. ரெண்டு பேரும் ஒரே ரிசல்ட்தானே எடுத்தோம்?” ஸ்பிரிங்கில் எடை தொங்கவிட்டு நீட்சியை அளக்கும் சோதனை. அறிக்கைக்கு மொத்தம் 40 புள்ளி.

அவள் அனுப்பிய பதில்: “ஐயோ தம்பி, உன் கிராப் சரியில்ல லா. லேட்டா வேற அனுப்பின. அவன் டைமுக்கு அனுப்பிட்டான். இதுவே கொஞ்சம் பார்த்துப் போட்டதுதான். வேணும்னா டாக்டர்ட்ட கேளு.”

இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அந்தப் பையனின் அம்மாவும் இவள் அம்மாவும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அந்த உரிமையில்தான் ‘தம்பி’ என்கிறாள், ‘நீ’ என்கிறாள். ஆனால் பையனுக்கு என்ன போய்ச் சேர்ந்தது? குறைந்த 17 புள்ளியும் கிராப்பில்தான் போனது என்று நினைத்துக்கொண்டான். நண்பன் எப்போது அனுப்பினான் என்பது வெளியே வந்துவிட்டது. ‘பார்த்துப் போட்டது’ என்றதும், கேட்டால் இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடுவார்கள் என்று தோன்றிவிட்டது. டாக்டரிடம், அதாவது விரிவுரையாளரிடம், எப்படிக் கேட்பது, எதற்குள் கேட்பது என்பது மட்டும் தெரியவில்லை.

முதல் வழி, அச்சு வார்ப்பு. எல்லாருக்கும் ஒரே பதிலை எழுதி வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றுவது.

“வணக்கம். தங்கள் கேள்வி கிடைத்தது. தங்கள் இடுபணி மதிப்பீட்டு விதிகளின்படி திருத்தப்பட்டுள்ளது. பெற்ற புள்ளி: 23/40. மேல்விவரங்களுக்கு விரிவுரையாளரை அணுகவும். நன்றி.”

ஒரு நிமிட வேலை. மரியாதை இருக்கிறது, யாருக்கும் கூடக் குறைய இல்லை. ஆனால் ‘ஏன்’ என்று கேட்டவனுக்கு ‘எத்தனை’ என்று பதில் சொல்கிறது. எத்தனை என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். இப்படி அனுப்பிய வாரத்தில், பதில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதே கேள்வியைத் திரும்ப அனுப்பினார்கள். ‘புள்ளி எப்போது வரும்’, ‘எந்தக் கோப்பைத் திருத்தினீர்கள்’ என்பது போன்ற கேள்விகளுக்கு வார்ப்பு போதும். அதற்கு மேல் அதை நீட்டக்கூடாது.

இரண்டாவது வழிதான் பலருக்கும் முதலில் தோன்றுவது. எனக்கும் அப்படித்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் எடுத்து, பேச்சை எழுத்தாக்கி, கொஞ்சம் மெருகேற்றுவது:

“வணக்கம் தம்பி. உங்கள் வருத்தம் புரிகிறது, மன்னிக்கவும். வரைபடத்தில் சில குறைகள் இருந்தன. அறிக்கையும் சற்றுத் தாமதமாக வந்தது. இருந்தாலும் உங்கள் முயற்சியைக் கருத்தில் கொண்டு முடிந்தவரை புள்ளி வழங்கியுள்ளோம். தேவைப்பட்டால் டாக்டரிடம் தெரிவியுங்கள், அவர் மறுபரிசீலனை செய்வார்.”

படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் மூன்றில் ஆபத்தானது இதுதான் என்பது என் முடிவு. மூலத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘டாக்டர்ட்ட கேளு’ என்பதில் வாக்குறுதி ஏதும் இல்லை. ‘மறுபரிசீலனை செய்வார்’ என்பது வாக்குறுதி, அதுவும் அவரைக் கேட்காமலே அவர் சார்பில் கொடுத்தது. ‘பார்த்துப் போட்டது’ வாய்ப் பேச்சாகப் போயிருக்கும். ‘முயற்சியைக் கருத்தில் கொண்டு’ என்று எழுதியதும் மதிப்பீட்டில் இல்லாத ஒரு விதியை நாமே உண்டாக்கிவிட்டோம். நாளைக்கு இன்னொரு மாணவி ‘என் முயற்சிக்கு எத்தனை?’ என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையில் அவள் யாருக்கும் கூட்டிப் போடவில்லை. ஆறுதலாகச் சொன்ன சொல் அது. மெருகேற்றும்போது ஆறுதல் விதியாகிவிட்டது.

‘மன்னிக்கவும்’ என்பதும் அப்படியே. நம் தவறு ஒன்றும் இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டால், திருத்தியதில் ஏதோ கோளாறு என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். நாம் தவறு செய்த நாளைக்காக அந்தச் சொல்லை வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழியில் அவள் பதிலைத் தொடுவதே கடைசியில்தான். முதலில் திருத்திய தாளை எடுத்து மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டலில் பிழை இருந்தால் எழுத வேண்டிய பதிலே வேறு. கூட்டல் சரி என்றால், எப்போதும் ஒரே வரிசையில் நான்கு விஷயம்: என்ன கிடைத்தது, எந்தப் பிரிவில் குறைந்தது, ஏன் குறைந்தது, இனி என்ன செய்யலாம். வரிசை மாறாது. சொற்கள் ஆளுக்கும் தாளுக்கும் ஏற்ப வரும்.

“வணக்கம். உங்கள் ஸ்பிரிங் சோதனை அறிக்கைக்கு 40-க்கு 23 புள்ளி கிடைத்திருக்கிறது. செய்முறை 10-க்கு 8, அட்டவணையும் வரைபடமும் 12-க்கு 5, கலந்துரையாடல் 12-க்கு 9, அமைப்பு 6-க்கு 5. ஆக மொத்தம் 27. அறிக்கை இரண்டு நாள் தாமதமாக வந்ததால், நாளுக்கு 2 வீதம் 4 கழிந்து 23.

வரைபடத்தில் 7 குறைந்ததற்குக் காரணங்கள்: இரு அச்சுகளிலும் அலகு எழுதப்படவில்லை, அதற்கு 2. குறிகள் வரைபடத் தாளில் பாதிக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிட்டன, அதற்கு 2. குறிகளின் நடுவே பொருந்தும் ஒரே நேர்க்கோடு வரையாமல், ஒவ்வொன்றையும் அடுத்ததோடு இணைத்திருக்கிறீர்கள், அதற்கு 3.

மற்ற மாணவர்களின் புள்ளியைப் பற்றி நான் பேச இயலாது. இதில் எந்தப் பிரிவு சரியில்லை என்று நினைக்கிறீர்களோ, அதைக் குறிப்பிட்டு வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். புள்ளியை மாற்றும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு. மறுபார்வையில் புள்ளி கூடலாம், குறையலாம், மாறாமலும் இருக்கலாம்.”

நீளம்தான், மறுக்கவில்லை. இப்படி முதன்முதலாக ஒரு பதிலை எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆனது. ஆனால் பையன் கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. ‘ஒரே ரிசல்ட்தானே’ என்றானே, ரிசல்ட்டில் அவன் ஒன்றும் இழக்கவில்லை. கோடு போட்ட விதத்திலும் தாமதத்திலும் இழந்தான். நண்பனைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமலே அது விளங்கிவிடுகிறது.

எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. நம் ஊரில் மார்க்குக்குப் புள்ளி என்கிறோம். வரைபடத்தில் வைப்பதும் புள்ளிதான். ‘புள்ளிகள் பாதித் தாளில் அடங்கியதால் 2 புள்ளி’ என்று எழுதிவிட்டு நானே குழம்பினேன். அதனால் வரைபடத்தில் இருப்பதைக் ‘குறி’ என்றே எழுதுவது என்று முடிவு செய்தோம்.

இப்படி முடிவு செய்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். ஒரு பக்கம் குறை, எதிர்ப்பக்கம் அதற்கான வாக்கியமும் கழியும் புள்ளியும். இரண்டு பேர் அலகு எழுதாமல் விட்டால் இருவருக்கும் அதே வாக்கியம் போகும். இதற்கு முன் ஒருவருக்கு ‘கிராப் சரியில்ல’, இன்னொருவருக்கு ‘லேபிள் போடல’, மூன்றாமவருக்கு ‘கவனமா செய்யணும்’ என்று போயிருந்தது. மூவரும் மாமாக் கடையில் தே தாரேக்கை வைத்துக்கொண்டு போனை ஒப்பிட்டுப் பார்த்தால், மூன்று வேறு தவறு என்றுதானே நினைப்பார்கள்? பத்துப் பன்னிரண்டு வாக்கியம் சேர்ந்த பிறகு ஒரு பதிலுக்கு நான்கைந்து நிமிடம்தான் ஆகிறது.

‘தம்பி’யை எடுத்தபோது அவள் வருத்தப்பட்டாள். “நாளைக்குக் கோயில்ல பார்க்கும்போது என்னக்கா சொல்வான்?” என்றாள். கோயிலில் தம்பி என்றே கூப்பிடட்டும். புள்ளி பற்றிய பதிலில் மட்டும் எல்லாருக்கும் ‘நீங்கள்’, எல்லாருக்கும் ‘வணக்கம்’. தெரிந்த வீட்டுப் பையனுக்குத் ‘தம்பி’, ஈப்போவிலிருந்து வரும் மாணவிக்கு வெறும் ‘நீங்கள்’ என்று போனால், அவளுக்குக் குறைந்த ஒவ்வொரு புள்ளியும் அந்தத் ‘தம்பி’யின் கணக்கில் சேரும். அவன் இவளை அக்கா என்று அழைப்பதை யாரும் தடுக்கவில்லை.

மூன்றாவது வழிக்கும் எல்லை உண்டு. கோபத்தில் எழுதுகிறவனுக்கு இத்தனை எண்ணை ஒரே மூச்சில் அனுப்பினால் படிக்க மாட்டான். அப்போது முதல் பத்தியை மட்டும் அனுப்பி, மற்றதை நேரில் தாளைக் காட்டிச் சொல்வது நல்லது. சொன்ன பிறகு அதையே எழுத்திலும் அனுப்பிவிட வேண்டும். அப்புறம், வகுப்புக் குழுவில் கேட்டாலும் பதில் தனியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று, மதிப்பீட்டு அட்டவணையே தெளிவில்லாமல் இருந்தால் இந்த வழி நின்றுவிடும். ‘கலந்துரையாடல் 12-க்கு 9’ என்று எழுதிவிட்டு, அந்த மூன்று எங்கே போனது என்று அவளால் சொல்ல முடியாமல் போனது உண்டு. அதைச் சொற்களால் மூட முடியாது. விரிவுரையாளரிடம்தான் எடுத்துப் போனோம்.

அந்தப் பையன் வியாழக்கிழமை மின்னஞ்சல் அனுப்பினான். அலகையும் கோட்டையும் ஒப்புக்கொண்டான். குறிகள் பாதித் தாளுக்கு மேலேயே இருக்கின்றன என்று அசல் தாளின் படத்தை இணைத்திருந்தான். விரிவுரையாளர் அளந்து பார்த்தார். அவன் சொன்னது சரி. ஸ்கேன் செய்தபோது தாளின் ஓரம் வெட்டுப்பட்டு இடம் தவறாகத் தெரிந்திருக்கிறது. வரைபடம் 12-க்கு 7 ஆனது, மொத்தம் 29, தாமதத்துக்கு 4 போக 25. அந்தப் பதிலில் ‘மன்னிக்கவும்’ என்று எழுதினோம்.

அதோடு விட முடியவில்லை. அதே காரணத்துக்காக 2 கழிக்கப்பட்ட மற்ற அறிக்கைகளையும் நோட்டைப் பார்த்து எடுத்தோம். நான்கு இருந்தன. அவற்றில் ஒன்றும் அதேபோல் வெட்டுப்பட்டிருந்தது. அந்த மாணவி எதுவும் கேட்டிருக்கவில்லை. அவளுக்கும் அன்று மாலையே, அதே வரிசையில், கேட்காத கேள்விக்கு ஒரு பதில் போனது.