ஒரு வித்தியாசமா, இரண்டா? தேயிலை ஏல விலைத் தொடரில் ஓர் ஒப்பீடு

கொழும்புத் தேயிலை ஏலத்தின் வாராந்தச் சராசரி விலையைக் கொண்டு ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களின் வருமானத்தை முன்கூட்டிக் கணிப்பவர்கள், விலைத் தொடரை ஒருமுறை வித்தியாசப்படுத்துவதா, அதாவது ஒவ்வொரு வார விலையிலிருந்தும் முந்தைய வார விலையைக் கழிப்பதா, அல்லது அதை இருமுறை செய்வதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். 2022இல் ரூபாய் சரிந்தபோது ரூபாய்க் கணக்கில் விலை செங்குத்தாக ஏறியதைப் போன்ற ஒரு பகுதி தொடரில் இருந்தால், ஒருமுறை போதாது என்று தோன்றுவது இயல்பு. அந்தத் தோற்றத்தை நம்பிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

விலை எழுமாற்று நடையாகச் செல்கிறது, அதாவது ஒவ்வொரு வாரமும் போன வார விலையோடு ஒரு தற்செயல் அதிர்ச்சி சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை வித்தியாசம் எடுத்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத வாராந்த அதிர்ச்சிகள் மட்டுமே எஞ்சும். தொடருக்கும் அதன் முந்தைய வாரப் பெறுமானங்களுக்கும் இடையிலான தொடர்பை அளக்கும் தன்னிணைவுகள் எல்லாம் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். மறுபடியும் எடுத்தால், ஒவ்வொரு பெறுமானமும் இந்த வார அதிர்ச்சியிலிருந்து போன வார அதிர்ச்சியைக் கழித்ததாகிவிடும். அடுத்தடுத்த இரு பெறுமானங்களிலும் ஒரே அதிர்ச்சி எதிரெதிர்க் குறிகளோடு இடம்பெறுவதால், ஒரு வார இடைவெளியில் தன்னிணைவு −0.5 ஆகிறது, அதற்கு அப்பால் பூச்சியமாகிறது. இடைப்பட்ட வாரங்களின் தாக்கத்தை நீக்கி அளக்கும் பகுதித் தன்னிணைவோ −1/2, −1/3, −1/4 என்று மெதுவாகவே தேய்கிறது. நியம விலகலின் வர்க்கமான மாறற்றிறன் இரட்டிப்பதால், 20 ரூபாயாக இருந்த நியம விலகல் ஏறத்தாழ 28 ரூபாயாகிறது. வித்தியாசம் எடுத்த பின் நியம விலகல் கூடினால், அங்கேயே நிறுத்திப் பார்ப்பது நல்லது.

சேதம் வெளிப்படையாகத் தெரிவது எதிர்வுகூறலில்தான். கணக்குக்காக, போன வார விலை 1,180 ரூபாய், இந்த வார விலை 1,215 ரூபாய் என்று கொள்வோம். ஒருமுறை வித்தியாசப்படுத்தும் ARIMA(0,1,0) மாதிரி பத்து வாரத்துக்குப் பிறகும் 1,215 என்றே சொல்லும். இருமுறை வித்தியாசப்படுத்தும் ARIMA(0,2,0) கடைசி வார ஏற்றமான 35 ரூபாயைப் பத்து வாரமும் நீட்டி 1,565 என்று சொல்லும். போன வார விலை 1,250 ஆக இருந்திருந்தால் அதுவே 865 என்றிருக்கும். இன்றைய விலை மாறாதிருக்க, ஒரேயொரு வாரத்தின் அசைவு கணிப்பை 700 ரூபாய் திருப்பிவிடுகிறது. மேலே சொன்ன நியம விலகல்களை வைத்தால், பத்தாம் வாரக் கணிப்பின் 95 சதவீத இடைவெளியும் முதலாவதில் ஏறத்தாழ ±124 ரூபாயாக இருக்க, இரண்டாவதில் ஆயிரத்தைத் தாண்டுகிறது.

இரண்டாம் மாதிரியில் போன வார அதிர்ச்சியைக் கணக்கில் எடுக்கும் ஒரு நகரும் சராசரி உறுப்பைச் சேர்த்தால் அதன் கெழு −1ஐ நெருங்கும். மிகையாக எடுத்த வித்தியாசத்தை அந்த உறுப்பு திரும்ப அழிக்கிறது என்பதே அதன் பொருள். கணிப்பும் ஒருமுறை வித்தியாசப்படுத்தி, சராசரி வாராந்த ஏற்றத்தைச் சேர்த்த மாதிரியின் கணிப்பாகிவிடும்.

ஆயினும் −0.5ஐ மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனெனில் வேறு காரணங்களாலும் எதிர்மறைத் தன்னிணைவு வரலாம். மாறற்றிறனையும் கெழுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒருமுறை எடுத்த தொடரிலேயே −0.2 அல்லது −0.3 தெரிந்தால், அதற்கு ஒருமுறை வித்தியாசத்தோடு ஒரு நகரும் சராசரி உறுப்பு சேர்ந்த ARIMA(0,1,1) போதும். 2022 போன்ற திடீர் ஏற்றத்துக்கு, அந்த வாரங்களைக் குறிக்கும் தனி மாறியொன்றைச் சேர்ப்பதே பொருத்தம். அதற்காகத் தொடர் முழுவதையும் மறுபடி வித்தியாசப்படுத்த வேண்டியதில்லை.