கப்ஸ் வந்தாலே காதல் என்று இல்லை: ஆசையையும் மரியாதையையும் பிரித்துக் காட்டும் டாரட் கார்டுகள்

கூட வேலை பார்க்கிற ஒருவர் நம்மிடம் அன்பாகப் பழகுகிறார். நம்மேல் விருப்பமா, இல்லை அவர் சுபாவமே அப்படியா? என்னிடம் கார்டு பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி இது. ஒரே ஒரு கார்டை எடுத்து "ஆமா, இல்லை" என்று சொல்லச் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு நான் அப்படிப் பார்ப்பதில்லை. எல்லோரிடமும் காட்டும் அன்புக்கும் உங்களிடம் மட்டும் காட்டும் அன்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வியே. ஒரு கார்டில் இடைவெளி எப்படித் தெரியும்?

நான் விரிப்பது ஐந்து கார்டு. மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு: அலுவலகத்தில் அவர் எல்லோரிடமும் எப்படி, உங்களிடம் எப்படி. மூன்றாவதை அவற்றுக்குக் கீழே நடுவில் வைப்பேன், அந்தப் பழக்கத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று. நான்காவது, நீங்கள் இதில் கொண்டுவந்து சேர்ப்பது. ஐந்தாவது, வேலை என்ற காரணத்தை எடுத்துவிட்டால் உங்கள் இருவருக்குள் மிஞ்சுவது. முதலில் முதல் இரண்டை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே குணத்தைச் சொன்னால் மரியாதைப் பக்கம் சாய்கிறது. இரண்டாவது வேறு குரலில் பேசினால்தான் ஆசையைப் பற்றிப் பேசவே இடம் இருக்கிறது.

பலரும் சறுக்குவது கோப்பை வரைந்த கார்டு வரிசையான கப்ஸில்தான். கப்ஸ் என்றால் உணர்ச்சி, உணர்ச்சி என்றால் காதல் என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். டாரட் கட்டில் இருக்கும் 78 கார்டில் 14 கப்ஸ். ஐந்து கார்டு எடுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 64 முறை ஒரு கப்ஸாவது வந்தே தீரும். பாதிக்கு மேல் வரப்போகிற ஒன்றை வைத்து யாருடைய மனதைச் சொல்ல முடியும்? எந்த கப்ஸ் வந்தது, அதில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

டூ ஆஃப் கப்ஸையும் சிக்ஸ் ஆஃப் கப்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டூவில் ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் நிற்கிறார்கள், ஏறக்குறைய ஒரே உயரம், ஆளுக்கு ஒரு கோப்பை. ஆணின் ஒரு கை பெண்ணின் பக்கம் நீள்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் இருபக்கமும் நடக்கிறது. சிக்ஸில் பெரியவன் ஒருவன் பூ நிறைந்த கோப்பையைக் குனிந்து கொடுக்கிறான், சின்னப் பெண் அண்ணாந்து நிற்கிறாள். அவளிடமிருந்து எதுவும் திரும்பிப் போகவில்லை, அவனும் எதிர்பார்க்கிற மாதிரி தெரியவில்லை. அந்தப் பிரியம் உண்மையானது. ஆனால் வீட்டுப் பிள்ளையிடம், கூடப் பிறந்த தங்கையிடம் காட்டுகிற பிரியம். சகஊழியரைப் பற்றிய கேள்வியில் இந்தக் கார்டு ஏமாற்றுகிற அளவுக்கு வேறு எதுவும் ஏமாற்றுவதில்லை, பார்க்க அவ்வளவு இனிமையாக இருப்பதால்.

அடுத்த ஜோடி நைட் ஆஃப் கப்ஸும் கிங் ஆஃப் கப்ஸும். நைட் என்ற வீரன் குதிரையில் கோப்பையை முன்னால் நீட்டியபடி வருகிறான். குதிரை பாயவில்லை, நடைதான், ஆனால் வருகிறான். கிங் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் கடல், கையில் கோப்பை. அதை யாருக்கும் நீட்டவில்லை. மனது கனிந்த மனிதர், கேட்டால் காது கொடுப்பார், அவராக எழுந்து வரமாட்டார். விருப்பம் இருக்கிற இடத்தில் ஏதாவது ஒரு அசைவு இருக்கும். அந்த அசைவைத்தான் தேடுகிறேன்.

காசு வரைந்த வரிசையான பென்டகிள்ஸில் குழப்பம் குறைவு. த்ரீ ஆஃப் பென்டகிள்ஸில் சிற்பி பெஞ்சில் நிற்க, இரண்டு பேர் வரைபடத்தோடு அவனிடம் பேசுகிறார்கள். அது வேலை உறவு. சிக்ஸில் தராசு பிடித்த செல்வர் மண்டியிட்டவர்களுக்குக் காசு போடுகிறார். அது அளந்து செய்கிற உதவி. லவ்வர்ஸ் என்ற கார்டு வந்துவிட்டால் உடனே துள்ள வேண்டாம். அதில் ஆண் பெண்ணைப் பார்க்கிறான், பெண் மேலே தேவதையைப் பார்க்கிறாள். மார்சேய் என்ற பழைய டாரட் சீட்டுகளில் அது இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்கிற ஆண். காதலைப் போலவே தேர்வு செய்வதையும் பேசுகிற கார்டு அது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கையையும் கண்ணையும் பார்த்துப் படிக்கிற இந்த முறை, 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெயிட் சீட்டுக்கும் அதன் வழியில் வந்தவற்றுக்கும்தான் பொருந்தும். பமீலா கோல்மன் ஸ்மித் எண் கார்டுகளிலும் மனிதர்களை வரைந்ததால் இது முடிகிறது. மார்சேயில் சிக்ஸ் ஆஃப் கப்ஸ் எடுத்தால் ஆறு கோப்பைதான் இருக்கும், கொடுக்கிற கை இருக்காது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், கணக்குப் பிரிவில் வேலை. மேல் பதவியில் இருக்கிற ஒருவர் தினமும் அவளுக்கு டீ வாங்கி வருகிறார், வேலை முடிய நேரமானால் பஸ் வரும்வரை கூடவே நிற்கிறார். அவளுக்கு வந்தவை: முதலில் சிக்ஸ் ஆஃப் பென்டகிள்ஸ், இரண்டாவது சிக்ஸ் ஆஃப் கப்ஸ், மூன்றாவது கிங் ஆஃப் கப்ஸ், நான்காவது செவன் ஆஃப் கப்ஸ், ஐந்தாவது த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ்.

"அக்கா, மூணு கப்ஸ் வந்திருக்கே!" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இந்த ரெண்டையும் பாரும்மா, கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாரு," என்று முதல் இரண்டைக் காட்டினேன். இரண்டிலும் மேலிருந்து கீழே கொடுக்கிற கை. எல்லோருக்கும் காசு, அவளுக்குப் பூ. கொஞ்சம் கூடுதல் பிரியம், ஆனால் அதே குணம். அடியில் கிங், அசையாமல் இருக்கிறார். வேலையை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஐந்தாவதிலும் வேலைதான் வருகிறது. செவன் ஆஃப் கப்ஸ் அவளுடைய இடத்தில் விழுந்தது. மேகத்தில் மிதக்கும் ஏழு கோப்பைகள் முன்னால் ஒரு நிழலுருவம், ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனை. மூன்று கப்ஸில் ஒன்று அவருடையதே இல்லை, இவளுடையது.

இரண்டாவது இடத்தில் டூவோ நைட்டோ வந்து, ஐந்தாவதில் ஏஸ் ஆஃப் கப்ஸ் மாதிரி ஒன்று நின்றிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அப்போதும் "அவருக்கு உன்மேல் ஆசை" என்று சொல்லியிருக்க மாட்டேன். அவர் என் எதிரில் உட்காரவில்லை, கார்டைக் கலைத்தது அவள். விரிப்பில் தெரிவது அவள் பார்த்ததும் பார்க்கத் தவறியதும்தான். அவர் மனதை அவர் வாய்தான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "புதுசா சேர்ந்த பையனுக்கும் டீ வாங்கிட்டு வர்றார்க்கா, அவனையும் பஸ் ஏத்தி விட்டுட்டுத்தான் போறார்," என்றாள். அது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும், சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு முறை கலைக்கட்டுமா என்று கேட்டாள். அதே கேள்வியை அன்றைக்கே திரும்பக் கேட்டால், பிடித்த கார்டு வரும்வரை கை நிற்காது. வேண்டாம் என்று சொல்லிச் சீட்டுக்கட்டை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன். அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: வேலை சம்பந்தமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவராக உனக்கு எப்போதாவது போன் செய்திருக்கிறாரா?

"இல்லக்கா," என்றாள்.