மொபைல் மட்டும், வாரத்துக்கு எட்டு மணி நேரம்: எந்த ஆன்லைன் வேலை தாக்குப்பிடிக்கிறது?

மாணவர்கள் சேர்கிற ஆன்லைன் வேலைகளை மாதக்கணக்கில் செய்து பார்த்தால் ஒரே ஒரு கணக்கு எல்லாவற்றையும் தரம்பிரித்துவிடும். கைக்கு வந்த பணத்தை, அதற்காகச் செலவான மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். வேலை தேடிய நேரம், திருத்தம் செய்த நேரம், பணத்துக்காகக் காத்திருந்த நேரம் எல்லாம் அந்த மொத்தத்தில் சேரும்.

கேப்ட்சா தட்டச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கேப்ட்சாவுக்குக் கிடைப்பது ஒரு டாலரைச் சுற்றித்தான். ஒன்றுக்கு 12 வினாடி என்றாலும் ஆயிரம் முடிக்க மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். சர்வே செயலிகளில் பத்து நிமிடம் பதில் சொன்ன பிறகு "நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை" என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி இல்லை. ஆடியோவை எழுத்தாக்கும் வேலை நேர்மையானதுதான். ஆனால் ஒரு மணி நேர ஒலியை எழுத, கணினியில் பழகியவருக்கே நான்கு மணி நேரம் போகும். மொபைலில் பிளேயருக்கும் எழுதும் செயலிக்கும் மாறி மாறித் தட்டுவதால் அது இன்னும் நீளும். ஸ்டாக் தளங்களில் போட்டோ விற்கலாம், ஆனால் நூற்றுக்கணக்கில் படம் ஏறிய பிறகே ஏதாவது அசையும். யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். இந்தப் பருவக் கட்டணத்துக்கு அதை நம்பக் கூடாது.

மொபைலுக்கு உண்மையிலேயே பொருந்துவது இன்னொருவரின் நீளமான பேச்சு வீடியோவை வெட்டி, சப்டைட்டில் போட்டு, செங்குத்து வீடியோவாகக் கொடுக்கும் வேலை. பார்ப்பவரும் மொபைலில்தான் பார்க்கிறார் என்பதால் நம் திரை இங்கே குறையாகத் தெரிவதில்லை. பாடம் நடத்துபவர், மருத்துவர், தையல் சொல்லித்தருபவர் என வாரந்தோறும் பேசிப் பதிவு செய்பவர் ஒருவர் அமைந்தால் புது ஆள் தேடும் நேரமும் மிச்சம்.

பத்து நிமிடப் பேச்சு வருகிறது, அதிலிருந்து 60 வினாடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு எச்டி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி, ஆக மொத்தம் 1.3 ஜிபி. வாட்ஸப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, முகம் குழைந்து வரும். டாக்குமென்டாகவோ டிரைவ் இணைப்பாகவோ கேட்டு வாங்குங்கள். எடிட்டிங் செயலி தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் பிடிக்கும் என்பதால் 4 ஜிபியாவது காலியாக இல்லாமல் தொடங்க வேண்டாம். பாதி ஏற்றுமதியில் நின்றுபோவதற்கு இடப் பற்றாக்குறைதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் எதையும் வெட்டாமல் ஒரு முறை முழுதாகக் கேட்டு, தன்னளவில் முழுமையாக நிற்கிற ஒரு கருத்து எந்த நிமிடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கால் மணி நேரத்தைத் தவிர்ப்பவர்கள் பின்னால் ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள். பிறகு "வந்து", "அதாவது" போன்ற இழுவைகளையும் மௌனங்களையும் எடுக்க வேண்டும். சொல்லின் விளிம்பிலேயே வெட்டினால் முதல் எழுத்து விழுங்கப்பட்டுக் கேட்கும். முன்னால் ஒரு துளி மௌனத்தை விட்டுவையுங்கள்.

நேரத்தைத் தின்பது சப்டைட்டில்தான். ஒரு நிமிடத் தமிழ்ப் பேச்சில் சுமார் நூறு சொற்கள் இருக்கும்; நான்கு நான்காகப் பிரித்தால் 25 துண்டுகள். செயலி தானாக எழுதிக் கொடுத்தாலும் ழகர ளகரமும் ஒற்று மிகுவதும் ஊர்ப்பெயர்களும் தவறியிருக்கும், ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். "இருக்குது" என்று பேசுவதை அப்படியே எழுதுவதா, "இருக்கிறது" என்று எழுதுவதா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டு முடிவு செய்யுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் 25 துண்டும் இரண்டாம் முறை.

எழுத்துரு இன்னொரு பொறி. சில செயலிகளில் அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தவுடன் "கொ" என்பது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டத்துடன் தெரியும். அந்த எழுத்துருவில் தமிழே இல்லை, அல்லது செயலிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. `Noto Sans Tamil`, `Catamaran` போன்ற யூனிகோடு எழுத்துருவின் `.ttf` கோப்பை உள்ளே ஏற்றி, "கொடுக்கௌ ஸ்ரீ" என்று தட்டிச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் உடைந்தால் அந்தச் செயலியோடு போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள். எழுத்தைத் திரையின் அடி ஐந்தில் ஒரு பங்கில் வைக்கவும் கூடாது. அங்கே கணக்கின் பெயரும் விவரமும் வந்து மூடிக்கொள்ளும்.

1080x1920, வினாடிக்கு 30 பிரேம் என்று ஏற்றுமதி செய்யலாம். அந்த நேரம் வேறு செயலிக்குத் தாவாதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். சூடேறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முடிந்ததும் கடைசிப் பத்து வினாடியில் உதடும் குரலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பல மொபைல்கள் பிரேம் வேகத்தை நிலையாக வைத்துப் பதிவு செய்வதில்லை. அதனால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக ஒலி விலகும். மூலக் கோப்பை முதலில் 30 பிரேமுக்கு ஒருமுறை ஏற்றுமதி செய்து, அந்தப் பிரதியில் வேலை பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்படி ஒரு வீடியோவுக்கு ஆரம்பத்தில் மூன்று மணி நேரம் ஆகும். எழுத்துரு, நிறம், இடம் எல்லாவற்றையும் அந்த வாடிக்கையாளருக்கென ஒரு வார்ப்பாகச் சேமித்துவைத்தால், ஏழெட்டு வீடியோவுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கும். வாரத்தின் எட்டு மணி நேரத்தில் நான்கு வீடியோவுக்கு ஆறு மணி நேரம், வாடிக்கையாளரோடு பேசுவதற்கும் திருத்தத்துக்கும் மீதி இரண்டு மணி நேரம். இதற்கு மேல் ஏற்கிறவர்கள் தேர்வு வாரத்தில்தான் சொன்ன நாளைத் தவறவிடுகிறார்கள்.

விலையை முடிந்த வீடியோவின் நீளத்தை வைத்துப் பேசுவது தவறு. பத்து நிமிட மூலத்துக்கும் ஐம்பது நிமிட மூலத்துக்கும் கிடைப்பது அதே 60 வினாடிதான், உழைப்பு ஒன்றல்ல. "பதினைந்து நிமிடம் வரை மூலம், இரண்டு முறை திருத்தம்" என்று எழுத்தில் வையுங்கள். புதியவரிடம் பாதி முன்பணம் வாங்கி, குறைந்த தரத்தில், படத்தின் மேல் உங்கள் பெயர் பதித்த மாதிரியைக் காட்டி, மீதி வந்ததும் முழுக் கோப்பைக் கொடுங்கள். செயலியில் இலவசமாகக் கிடைக்கும் பாட்டை வியாபார வீடியோவில் சேர்ப்பதானால் உரிம விதியைப் படித்த பிறகே செய்யுங்கள். ஒலி முடக்கப்பட்டால் பாதிப்பு வாடிக்கையாளரின் கணக்குக்குத்தான்.

ஃபைவர் போன்ற தளம் வழியாகப் போனால் 20 சதவீதம் கழியும். புதியவருக்கு வேலை முடிந்த பிறகும் பணம் விடுபட 14 நாள் ஆகும். தெரிந்த ஆசிரியருக்கோ கடைக்காரருக்கோ ஒரு மாதிரி வீடியோ செய்து நேரில் காட்டுவது முதல் வேலைக்கு இதைவிட விரைவான வழி. தேடும்போது "வீடியோவுக்கு லைக் போடுங்கள், பணம் தருகிறோம்" என்ற செய்திகளும் வரும். முதல் இரண்டு நாள் சிறு தொகை உண்மையாகவே வரும், மூன்றாம் நாள் "பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். அவர்கள் சொல்லும் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் வாங்கி வேறொருவருக்கு மாற்றிவிடச் சொல்வது அதைவிட ஆபத்து. கணக்கு முடங்கி, விசாரணையும் உங்கள் பெயரில்தான் வரும்.