குப்பை வண்டியில் ஜிபிஎஸ்: திரையில் பச்சையான தெருவில் குப்பை எடுத்தார்களா?

எங்கள் நகராட்சியின் குப்பை வண்டிகளில் ஜிபிஎஸ் பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. தினமும் அந்தத் திரையைப் பார்ப்பவன் நான். விடுபட்ட தெரு கண்ணில் படுமா என்பது, ‘இந்தத் தெரு முடிந்தது’ என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் ஒவ்வொரு தெருவின் நடுவிலும் 30 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். வண்டி அதற்குள் வந்தால் தெரு பச்சையாகிவிடும். ஒரு பகுதியில் மட்டும் புகார் வந்துகொண்டே இருந்தது, திரையிலோ எல்லாம் பச்சை. போய்ப் பார்த்தால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெருக்கள், இடைவெளி 25 மீட்டர்தான். வண்டி முதல் தெருவில் போனாலே இரண்டாவதும் பச்சையாகிவிடுகிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் இருப்பிடமும் பல மீட்டர் தள்ளிக் காட்டும்.

வட்டத்தை எடுத்துவிட்டுத் தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கோடு போட்டோம். இரண்டையும் கடக்க வேண்டும். முட்டுச்சந்து என்றால் உள்ளே போய் அதே கோடு வழியாகத் திரும்ப வேண்டும். அதோடு நேரமும் பார்த்தோம். 150 மீட்டர் தெருவில் ஆட்கள் குப்பை எடுத்துக்கொண்டே நடந்தால் இரண்டு நிமிடமாவது ஆகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா கடந்தால் அரை நிமிடம்கூட ஆகாது. இந்த வித்தியாசம்தான் உண்மையைச் சொல்லும்.

ஆனால் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைப் பதிந்தால் இதெல்லாம் வீண். அதே வேகத்தில் ஒரு நிமிடத்தில் வண்டி 330 மீட்டர் போய்விடும்; தெருவுக்குள் ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம். 10 விநாடி என்று மாற்றச் சொல்லுங்கள்.

டீசல் கதை வேறு. வண்டி நிற்கிறது, என்ஜின் ஓடுகிறது என்று அறிக்கை வந்ததும் டிரைவர்களிடம் விளக்கம் கேட்கத் தொடங்கினார்கள். இது நியாயமில்லை. குப்பையை அமுக்கும் காம்பாக்டர் என்ஜின் ஓடினால்தான் இயங்கும். அமுக்கும் இயந்திரம் ஓடுகிறதா என்பதைக் காட்டும் ஒரு வயரைக் கருவியோடு இணைத்த பிறகுதான் வேலைக்காக ஓடியது எது, வீணாக ஓடியது எது என்று பிரிந்தது. உண்மையில் டீசல் போனது, பாதி நிரம்பிய வண்டி குப்பைக் கிடங்குக்குப் போய்வந்த நடைகளில். பக்கத்து வார்டில் மிஞ்சிய தெருக்களை அந்த வண்டிக்கே கொடுத்ததும் நடைகள் குறைந்தன. கணக்கையும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள்; எடைமேடை ரசீதை வைத்து டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. பள்ளம் தோண்டிய தெருவுக்குள் வண்டி நுழைய முடியாமல், ஆட்கள் கூடையில் சுமந்து வந்து கொட்டியிருப்பார்கள். திரையில் அது விடுபட்ட தெரு. அதனால் சிவப்புத் தெரு எதுவானாலும், சம்பளத்தில் கைவைப்பதற்கு முன் மேற்பார்வையாளர் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம்.