பின்கோடுக்கு ஒன்று, மொபைல் நம்பருக்கு இன்னொன்று: கவுன்டிங் சார்ட்டும் ரேடிக்ஸ் சார்ட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் பார்சல் டெலிவரி செய்யும் ஒரு கடையின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பதிவுகள். ஒவ்வொன்றிலும் பெயர், பின்கோடு, மொபைல் நம்பர். ஒரு நாள் பின்கோடு வரிசையில் கேட்பார்கள், இன்னொரு நாள் மொபைல் நம்பர் வரிசையில் கேட்பார்கள். இரண்டுமே முழு எண்கள்தான். இரண்டையுமே ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாமல் அடுக்க முடியும். ஆனால் ஒரே முறை இரண்டுக்கும் பொருந்தாது.

ஒப்பிட்டு அடுக்கும் எந்த முறைக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. கலைந்து கிடக்கும் ஒரு லட்சம் பதிவுகளுக்குச் சராசரியாகப் பதினைந்து லட்சம் ஒப்பீடுகளுக்குக் குறையாமல் தேவைப்படும். எண்ணையே இடமாக மாற்றிவிட்டால் இந்த எல்லை நம்மைக் கட்டுப்படுத்தாது. கவுன்டிங் சார்ட், ரேடிக்ஸ் சார்ட் இரண்டும் அதைத்தான் செய்கின்றன.

முதலில் பின்கோடு. நம் மாவட்டத்துப் பின்கோடுகள் 629 என்றுதான் தொடங்கும். நாகர்கோவில் 629001, மார்த்தாண்டம் 629165, தக்கலை 629175, குளச்சல் 629251, கன்னியாகுமரி 629702. ஆறு இலக்கம் என்று பார்த்தால் பெரிதாகத் தெரியும். 629000-ஐக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 0 முதல் 999 வரைதான். அதாவது, லட்சம் பதிவுகள் இருந்தாலும் வரக்கூடிய மதிப்புகள் ஆயிரத்துக்கு மேல் இல்லை. கவுன்டிங் சார்ட்டுக்கு இதைவிடத் தோதான தரவு கிடைக்காது.

ஆறு பதிவுகளை வைத்துச் செய்து பார்ப்போம். கழித்த பிறகு 165, 1, 251, 175, 702, 165. மார்த்தாண்டம் இரண்டு முறை வருகிறது. முதலில் வந்ததை 165அ, கடைசியில் வந்ததை 165ஆ என்போம். முதல் ஓட்டத்தில் எது எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறோம்: 165 இரண்டு, மற்றவை ஒவ்வொன்று. அடுத்து, ஒவ்வொரு மதிப்பும் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போகிறோம். 1 தொடங்குவது இடம் 0-இல், 165 இடம் 1-இல், 175 இடம் 3-இல், 251 இடம் 4-இல், 702 இடம் 5-இல். கடைசி ஓட்டத்தில் பதிவுகளை வந்த வரிசையிலேயே எடுத்து அதனதன் இடத்தில் வைத்து, வைத்தவுடன் அந்த இடத்தை ஒன்று நகர்த்துகிறோம். 165அ இடம் 1-இல் உட்காரும், 165ஆ இடம் 2-இல் உட்காரும். வேலை முடிந்தது.

```python
def counting_sort(rows, key, k):
    pos = [0] * k
    for r in rows:
        pos[key(r)] += 1
    start = 0
    for v in range(k):
        pos[v], start = start, start + pos[v]
    out = [None] * len(rows)
    for r in rows:
        out[pos[key(r)]] = r
        pos[key(r)] += 1
    return out
```

பதிவுகள் மீது இரண்டு ஓட்டம், நடுவில் ஆயிரம் கூட்டல், அவ்வளவுதான்.

இங்கே நின்று ஒரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டியலில் தப்பித் தவறி ஒரு திருச்செந்தூர் முகவரி நுழைந்துவிட்டது என்று வையுங்கள். அதன் பின்கோடு 628215. 629000-ஐக் கழித்தால் −785. பைத்தானில் ஆயிரம் இடமுள்ள லிஸ்ட்டில் `pos[-785]` என்பது பிழை அல்ல. பின்னாலிருந்து எண்ணி `pos[215]`-ஐ எடுத்துக்கொள்ளும். புரோகிராம் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடியும். திருச்செந்தூர் பார்சல் தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். திருவனந்தபுரத்து 695001 வந்தால் பரவாயில்லை, லிஸ்ட்டுக்கு வெளியே போய் உடனே `IndexError` தரும். சத்தம் போடாமல் தப்பு செய்வதுதான் மோசம். அதனால் எண்ணத் தொடங்கும் முன்பே எல்லாச் சாவிகளும், அதாவது அடுக்குவதற்கு அடிப்படையாக எடுக்கும் எண்கள் எல்லாம், 0 முதல் 999 வரைக்குள் இருக்கின்றனவா என்று ஒரு வரியில் சோதித்துவிடுங்கள்.

எல்லையை நாமே சொல்லாமல், தரவில் உள்ள மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் பார்த்து எடுக்கலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் யாரோ அவசரத்தில் 629165-ஐ 6299165 என்று அடித்துவிட்டால், ஆயிரம் இடமே போதுமாக இருந்த அரே ஐம்பத்தாறு லட்சத்தைத் தாண்டிவிடும். பதிவுகளின் எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் நேரமும் மெமரியும் திடீரென்று எகிறுகின்றன என்றால், முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு ஒற்றை எண்ணைத்தான்.

இந்த முறையின் எல்லை இதிலிருந்தே தெரிகிறது. பதிவுகள் எத்தனை என்பதைவிட மதிப்புகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. மொபைல் நம்பருக்கு வருவோம். இந்திய மொபைல் நம்பர்கள் 6 முதல் 9 வரை உள்ள இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். 6000000000-ஐக் கழித்தாலும் 400 கோடி மதிப்புகளுக்கு இடம் வேண்டும். ஒரு எண்ணிக்கைக்கு 4 பைட் என்றால் 1600 கோடி பைட், அதாவது 16 ஜிபி. லட்சம் பதிவுகளை அடுக்க 400 கோடி இடங்களைக் கூட்டிக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை. இங்கே கவுன்டிங் சார்ட்டைத் தனியாக நிறுத்தக் கூடாது.

ரேடிக்ஸ் சார்ட் இதை மடக்குவது எளிய வழியில்தான். முழு எண்ணையும் ஒரே மூச்சில் சாவியாக எடுக்காமல், துண்டு துண்டாக எடுக்கிறது. கடைசித் துண்டை வைத்து ஒரு கவுன்டிங் சார்ட், அதற்கு முந்தைய துண்டை வைத்து இன்னொன்று, இப்படி முதல் துண்டு வரை. வலமிருந்து இடமாக ஏன் என்று கேட்டால், கடைசியாக அடுக்கப்படும் துண்டுக்குத்தான் செல்வாக்கு அதிகம். அது எண்ணின் முதல் துண்டாக இருக்க வேண்டும், கடைசித் துண்டாக அல்ல. துளை போட்ட அட்டைகளைப் பிரிக்கும் பழைய இயந்திரங்களிலும் கடைசிப் பத்தியிலிருந்துதான் தொடங்குவார்கள். எண்ணிக்கையை வைத்து இடத்தைக் கணக்கிடும் உத்தியை ஹரால்ட் சீவர்ட் 1954-இல் எம்.ஐ.டி.யில் எழுதிய ஆய்வேட்டில் கொடுத்தார். ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனிப் பெட்டி ஒதுக்கி வைக்கும் தேவை அதனால் போய்விட்டது.

அதே ஆறு எண்களைப் பத்தின் அடிப்படையில் மூன்று சுற்று ஓட்டுவோம். ஒன்றாம் இடத்தை வைத்து அடுக்கினால் 001, 251, 702, 165அ, 175, 165ஆ. அடுத்து பத்தாம் இடம்: 001, 702, 251, 165அ, 165ஆ, 175. அடுத்து நூறாம் இடம்: 001, 165அ, 165ஆ, 175, 251, 702. சரியாக வந்துவிட்டது. மூன்றாம் சுற்றை மட்டும் கவனியுங்கள். 165, 165, 175 மூன்றுக்கும் நூறாம் இலக்கம் 1-தான். அந்தச் சுற்றுக்கு அவை மூன்றும் சமம். இருந்தும் சரியான வரிசையில் நிற்கின்றன என்றால், முந்தைய சுற்று அமைத்துக் கொடுத்த வரிசையை இந்தச் சுற்று கலைக்கவில்லை என்று பொருள். ரேடிக்ஸ் சார்ட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதைக் கலைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். பல பாடநூல்களில் கவுன்டிங் சார்ட் வேறு மாதிரி இருக்கும். தொடங்கும் இடத்துக்குப் பதில் முடியும் இடத்தைக் கணக்கிட்டு, பதிவுகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கி எடுத்து வைப்பார்கள். அதுவும் சரிதான். இரண்டையும் கலந்து, முடியும் இடத்தைக் கணக்கிட்டுவிட்டுப் பதிவுகளை முன்னாலிருந்து எடுத்தால்தான் சிக்கல். அப்போது சமமான சாவிகள் தலைகீழாகும். முதல் சுற்றில் 251, 001, 702, 165ஆ, 175, 165அ என்று வரும். இரண்டாவதில் 702, 001, 251, 165அ, 165ஆ, 175. மூன்றாவதில் 001, 175, 165ஆ, 165அ, 251, 702. தக்கலை மார்த்தாண்டத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது.

இந்தத் தவறு கவுன்டிங் சார்ட்டைத் தனியாக, வெறும் எண்கள் மீது ஓட்டும்போது வெளியே தெரியவே தெரியாது. 165-உம் 165-உம் இடம் மாறினால் யாருக்குத் தெரியும்? எல்லாச் சோதனையும் தேறிவிடும். ரேடிக்ஸ் சார்ட்டுக்குள் வைத்த பிறகுதான் விடை கெடும். அதனால் கவுன்டிங் சார்ட்டைச் சோதிக்கும்போதே ஒரே சாவியுள்ள பதிவுகளுக்கு வரிசை எண் போட்டு, அவை வந்த வரிசையில் வெளியே வருகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

சரி, மொபைல் நம்பரை எத்தனை துண்டாக வெட்டுவது? பத்தின் அடிப்படையில் பத்துச் சுற்று போவது வீண். 6000000000-ஐக் கழித்ததும் கிடைக்கும் மதிப்பு 400 கோடிக்குள் அடங்கும். 32 பிட்டுக்குள் 429 கோடி வரை கொள்ளும் என்பதால் அதில் உட்கார்ந்துவிடுகிறது. 8 பிட் துண்டு என்றால் நான்கு சுற்று, 256 எண்ணிக்கை. 11 பிட் என்றால் மூன்று சுற்று, 2048 எண்ணிக்கை. 16 பிட் என்றால் இரண்டே சுற்று, ஆனால் 65,536 எண்ணிக்கை. இரண்டுதானே குறைவு என்று கடைசியைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் அந்த எண்ணிக்கை அரே மட்டும் 256 கேபி. பிராசஸருக்கு மிக அருகில் உள்ள வேகமான சிறு மெமரியான கேஷ் பல கணினிகளில் 32 அல்லது 48 கேபிதான். ஒவ்வொரு பதிவும் 65,536 இடங்களில் எங்கோ ஓரிடத்தில் போய் எழுதும்போது கேஷ் தவறிக்கொண்டே இருக்கும். 11 பிட்டுக்கான அரே 8 கேபிக்குள் முடிகிறது. லட்சம் பதிவுகளுக்கு நான் 11-ஐயே எடுப்பேன். சில ஆயிரம் பதிவுகள்தான் என்றால் 8 போதும். இன்னொரு வசதியும் உண்டு. பதிவுகள் இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பதால் மூன்று துண்டுகளுக்குமான எண்ணிக்கையை முதல் ஓட்டத்திலேயே எடுத்துவிடலாம்.

இவ்வளவும் சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதினால்தான் வேகமாகக் கைகொடுக்கும். பைத்தானில் லூப் போட்டு எழுதிய ரேடிக்ஸ் சார்ட்டை, உள்ளே சி-யில் எழுதப்பட்ட `sorted` பெரும்பாலும் முந்திவிடும். பைத்தானிலேயே இருக்க வேண்டும் என்றால் நம்பை என்ற எண் கணக்கு நூலகத்தின் வழி இருக்கிறது. எல்லையைச் சோதித்து, 629000-ஐக் கழித்த பின்கோடுகளை 16 பிட் எண்களாக வைத்து `kind='stable'` என்று கேட்டால், அது உள்ளே ரேடிக்ஸ் சார்ட்டையே பயன்படுத்தும். 32 பிட் மொபைல் எண்களுக்கு அப்படிச் செய்யாது. ஒப்பிட்டு அடுக்கும் முறைக்குப் போய்விடும்.

அப்புறம், டெலிவரிக்காரர்கள் உண்மையில் கேட்பது பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துத்தான்: பின்கோடு வாரியாக, அதற்குள் மொபைல் நம்பர் வரிசையில். அதற்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. முதலில் மொபைல் நம்பருக்கு மூன்று சுற்று, அதன் மீது பின்கோடுக்கு மேலே உள்ள கவுன்டிங் சார்ட் ஒரு சுற்று. மொபைலை முதலிலும் பின்கோடைக் கடைசியிலும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் பின்கோடுகள் சிதறிவிடும்.