“ஒரிஜினல்” என்ற ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த 7,000 ரூபாய்

டிகிரி முடித்துவிட்டு சர்டிபிகேட்டுக்காக அலைந்துகொண்டிருப்பவர்கள், குறிப்பாக அரியர் வைத்து முடித்தவர்கள், யாருக்காவது பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் எழுதியது ஏப்ரல் 2022. நாலாவது செமஸ்டர் பேப்பர் ஒன்று பாக்கி இருந்தது. அதை நவம்பரில் எழுதி, பிப்ரவரி 2023-ல் ரிசல்ட் வந்து பாஸானேன். அந்த நேரம் பார்த்து வளைகுடாவில் ஒரு வேலை அமைந்தது. விசா வேலைகளைப் பார்த்த டிராவல்ஸில், டிகிரி சர்டிபிகேட்டில் அட்டஸ்டேஷன் வேண்டும் என்றார்கள். கல்லூரியில் கேட்டால், “இன்னும் வரலை தம்பி, அடுத்த மாசம் பாருங்க” என்று அனுப்பிவிட்டார்கள். எது வரவில்லை என்று நான் கேட்கவில்லை. தப்பு அங்கேதான் தொடங்கியது.

நண்பன் மூலமாக ஒருவர் அறிமுகமானார். யூனிவர்சிட்டியில் ஆள் இருக்கிறது, “ரெண்டு மாசத்துல ஒரிஜினல் உங்க கையில இருக்கும்” என்றார். 7,000 ரூபாய். என் சார்பில் சர்டிபிகேட் வாங்க அவருக்கு அதிகாரம் தருவதாக ஒரு கடிதம், அடையாள அட்டை ஜெராக்ஸ், ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எல்லாம் கொடுத்தேன். மே கடைசியில் பழுப்பு நிற உறையில் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பல்கலைக்கழக முத்திரை, என் பெயர், பதிவு எண், எல்லாம் சரியாக இருந்தது. அம்மாவிடம் காட்டிவிட்டு டிராவல்ஸுக்கு ஸ்கேன் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் போன். “சார், இது புரொவிஷனல். டிகிரி எங்கே?”

அவரைப் பிடித்துக் கேட்டேன். அசராமல் சொன்னார்: “ஒரிஜினல்தானே கேட்டீங்க? இது ஜெராக்ஸா?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. நாம் பேச்சுவழக்கில் டிகிரி சர்டிபிகேட்டைத்தான் “ஒரிஜினல்” என்போம். ஆனால் புரொவிஷனலும் ஒரிஜினல் தாள்தான், மார்க் ஷீட்டும் ஒரிஜினல்தான். அந்த இடைவெளியில்தான் இந்த ஆட்களின் பிழைப்பே ஓடுகிறது.

அன்றைக்கு அந்தத் தாளில் இருந்த வாசகத்தை முழுசாகப் படித்திருந்தாலே விளங்கியிருக்கும். இன்னார் இன்ன மாதம் நடந்த தேர்வில் தேறி இந்தப் பட்டம் பெறத் தகுதி அடைந்துவிட்டார், பட்டமளிப்பு விழாவில் பட்டம் வழங்கப்படும் என்றுதான் பி.சி. எனப்படும் புரொவிஷனல் சொல்லும். தகுதி வந்துவிட்டது, பட்டம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். எல்லாப் பேப்பரும் பாஸான பிறகு சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கல்லூரி வழியாக வரும். உள்ளூர் வேலைக்கும் மேற்படிப்பில் சேரவும் ஆரம்பத்தில் இது பெரும்பாலும் போதும். டிகிரி சர்டிபிகேட்டில் வாசகமே வேறு: இந்த நாளில் நடந்த பட்டமளிப்பு விழாவில் பட்டம் வழங்கப்பட்டது என்று இருக்கும், கீழே துணைவேந்தர் கையெழுத்து இருக்கும். விழா நடக்காமல் அந்தத் தேதியை எங்கிருந்து போடுவார்கள்? அவசரத் தேவைக்கு முன்கூட்டியே தர வழி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் அதுவும் அவர்கள் கவுண்டரில், ரசீதோடு நடப்பது, டீக்கடையில் நடப்பதல்ல.

பட்டத்துக்குத் தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று யூ.ஜி.சி.யின் 2008 விதிமுறை இருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் வருஷத்துக்கு ஒரு விழாதான், அதுவும் தள்ளிப்போகும்.

இவ்வளவும் தெரியாததால், “டிகிரிக்கும் அப்ளை பண்ணியாச்சு, வந்துட்டே இருக்கு” என்று அவர் சொன்னதை நம்பி ஆகஸ்ட் வரை காத்திருந்தேன். பிறகு நேரில் கல்லூரி ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் ஒரு நீளமான ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். என் பெயருக்கு நேராக மே மாதத் தேதி, அந்த ஆளின் கையெழுத்து. “உங்க பி.சி. ஏப்ரல்லயே வந்துருச்சே. நீங்க அனுப்புனவர் லெட்டர் குடுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு.” அதாவது, கல்லூரியில் எனக்காகக் காத்திருந்த தாளை எடுத்துவந்து கொடுக்கத்தான் 7,000. அதற்கான கட்டணத்தையும் நான் ஏற்கெனவே கட்டியிருந்தேன். பல இடங்களில் கடைசி செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்தே இதை வாங்கிவிடுவார்கள். என் சலானில் தனி வரியாகவே அச்சாகியிருந்தது.

அப்புறம் கிளார்க்கே பீரோவைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். என் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட். கடிதத்தில் “சர்டிபிகேட்” என்று மட்டும் எழுதியிருந்ததால் இதை அந்த ஆளிடம் தரவில்லையாம். ஆறு செமஸ்டர் மதிப்பெண்களும் ஒரே தாளில், மொத்தச் சதவீதம், கிளாஸ் எல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பேப்பரும் தேறிய பிறகுதான் அச்சாகும் என்பதால், அரியர் இருக்கிறவர்கள் கூடப் படித்தவர்களைப் பார்த்து ஏங்கிப் பயனில்லை. இதில் அரியர் தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. ஃபெயிலான மதிப்பெண் என்னுடையதில் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே தேறிய மாதமும் வருஷமும் இருக்கின்றன. மற்ற நாலாம் செமஸ்டர் பேப்பர்களுக்கு ஏப்ரல் 2021, அந்த ஒன்றுக்கு மட்டும் நவம்பர் 2022. பார்க்கத் தெரிந்தவருக்கு அது போதும். புரொவிஷனலிலும் நவம்பர் 2022 என்றுதான் இருக்கிறது. கடைசிப் பேப்பரை எழுதிய தேர்வின் மாதம்தான் அதில் வரும். ஏப்ரல் 2022-ல் முடித்தேன் என்று விண்ணப்பத்தில் போட்டுவிட்டால் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள். தாளில் இருப்பதையே எழுதுங்கள்.

சரி, டிகிரிக்கு விண்ணப்பம்? பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். என் பதிவு எண்ணில் எதுவும் வந்திருக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் டிகிரி சர்டிபிகேட் தானாக வராது. பட்டமளிப்புக்கு அறிவிப்பு வரும், தேதிக்குள் படிவம் நிரப்ப வேண்டும், நேரில் வாங்குவதா, இன் ஆப்சென்ஷியாவாகத் தபாலில் வாங்குவதா என்று குறிக்க வேண்டும். அந்தத் தேதி ஜூனிலேயே முடிந்திருந்தது. அவர் “வந்துட்டே இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் அது கடந்துபோனது. 7,000 போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வளைகுடா வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆகவே, கல்லூரியில் “வந்துடுச்சா?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பி.சி. வந்ததா, கன்சாலிடேட்டட் வந்ததா, பட்டமளிப்புக்கு விண்ணப்பம் எப்போது என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். யாராவது “அப்ளை பண்ணிட்டேன்” என்றால் விண்ணப்ப எண்ணையும் பணம் கட்டிய ரசீதையும் கேளுங்கள். அதிகாரக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தச் சான்றிதழுக்கு என்று பெயரைத் தெளிவாக எழுதுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் டிஜிலாக்கரில் பட்டங்களை ஏற்றுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அதில் வந்தால் சட்டப்படி அது அசலுக்குச் சமம். அட்டஸ்டேஷனுக்கு மட்டும் தாளையே கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

என் டிகிரி அடுத்த விழாவில்தான் வந்தது. இன் ஆப்சென்ஷியாவில் போட்டு, தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன். அந்த ஆளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போன வாரம்கூட “ஆல் யூனிவர்சிட்டி ஒரிஜினல் சர்டிபிகேட் ஒர்க்” என்று போட்டிருந்தார்.