கேட்ல ஸ்லாட்டா, தூண்ல லெட்டர் பாக்ஸா?

சிங்கப்பூர்ல வீவக அடுக்குமாடி வீட்ல இருந்தவரைக்கும் லெட்டர் பாக்ஸ் பத்தி யோசிச்சதே இல்ல, கீழ போனா சாவி போட்டு எடுத்துட்டு வந்துடலாம். தரை வீட்டுக்கு வந்தப்புறம்தான் இதெல்லாம் நம்ம தலைல விழுந்துச்சு. கதவுல ஸ்லாட் வெட்டுறதை முதல்லயே விட்டுட்டேன், வெளி கேட் பூட்டியிருந்தா தபால்காரர் கதவு வரைக்கும் எப்படி வருவாரு?

மிச்சம் ரெண்டுதான். கேட்ல ஸ்லாட் வெட்டி பின்னாடி பெட்டி வைக்கிறது பார்க்க நல்லாதான் இருக்கும், ஆனா ஸ்லைடிங் கேட்டா இருந்தா அது சுவருக்குப் பின்னாடி ஒட்டி நகரும், அந்த இடைவெளில பெட்டி போகாம இடிக்கும். பக்கத்து வீட்ல இப்படி ஆகி பெட்டியையே கழட்டிட்டாங்க, இப்ப லெட்டர் நேரா ஈரத் தரைல விழுது. எங்க கேட் உள்பக்கமா திறக்குறது, அதுல பெட்டி வச்சா எப்படின்னு நான் மாட்டிப் பார்க்கல, அதனால அதைப் பத்தி பெருசா பேசல.

நான் தூண்லதான் மாட்டினேன். முதல்ல வாங்கின பெட்டி தப்பு, வாய் 220 மில்லிமீட்டர்தான். ஏ4 தாளை மடிக்காம வைக்கிற கவர் 229க்கு 324. அது உள்ள போகாம பாதி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், மூடி அதுமேல படுத்து திறந்தே இருக்கும், மழைத்தண்ணி கவர் வழியாவே உள்ள இறங்கி கீழ கிடந்த மசேநிதி லெட்டரையும் சேர்த்து நனைச்சுடும். நான் ரப்பர் பட்டை, சிலிகான்னு என்னென்னமோ ஒட்டிப் பார்த்தேன், ஓட்டை அங்க இல்லவே இல்ல, வாய் சின்னதா இருந்ததுதான் காரணம்னு புரிய ரெண்டு மாசம் ஆச்சு.

இப்ப இருக்குறது வாய் 260 அகலம், 35 உயரம், வாய்க்குக் கீழ உள்ள 350 ஆழம். கவர் முழுசா விழுந்துடும், மூடி தானா மூடிக்கும். மேல் தகடு வாய்க்கு முன்னாடி ஒரு ரெண்டு விரல் நீட்டிக்கிட்டு இருக்கணும், விடிகாலைல சுமத்ரா காத்தோட வர்ற சாரல் சாய்வா அடிக்கும்ல, அதுக்கு.

மாட்டும்போது பெட்டிக்கும் தூணுக்கும் நடுவுல மேல்விளிம்பும் ரெண்டு பக்கமும் மட்டும் சிலிகான் பூசுங்க, கீழ்விளிம்பை விட்டுடுங்க. எப்படியாவது பின்னாடி போற தண்ணி வெளியேறணும், சுத்தி அடைச்சா அங்கயே தேங்கி போல்ட் ஓட்டை வழியா உள்ள வரும். அடித்தகட்டுல சின்னதா ரெண்டு ஓட்டையும் வேணும், இல்லன்னா கொசு வேற.

மாட்டி முடிச்சதும் உள்ள செய்தித்தாள் விரிச்சு ஹோஸ் பைப்பை மேலருந்து சாய்வா ரெண்டு நிமிஷம் பிடிச்சுப் பாருங்க. முன்னோரம் நனைஞ்சா மூடி, பின்னோரம் நனைஞ்சா போல்ட் ஓட்டை. எனக்கு பின்னோரம்தான் நனைஞ்சுது, வலது மேல் போல்ட்டைக் கழட்டி வாஷருக்கு அடில சிலிகான் வச்சு திரும்ப முடுக்கினதும் நின்னுடுச்சு.